தலையைச் சுற்றி வெள்ளை வேண்டாம்

திரும்ப எடுக்க முடியாத எதைக் கண்டாலும் செவ்வந்திக்குப் பயம். கல்யாணப் புடவை எடுக்கப் போன அன்று காலையில் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை என்றும், கடைசியில் புடவையைக் கை காட்டியது மாப்பிள்ளை ஆல்வின்தான் என்றும் அவளுடைய நாத்தனார் இன்றைக்கும் மதுக்கரையில் சொல்லிச் சிரிப்பாள். தலைமுடி வெட்டிக்கொள்ள, கையெழுத்துப் போட, மகளுக்குக் காது குத்த, எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் கை ஒரு கணம் நின்றுவிடும்.

அப்படிப்பட்டவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பொருந்திப்போனதில் வியப்பில்லை. கம்ப்யூட்டரில் எதைக் கெடுத்தாலும் இரண்டு விசையை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். பட்டப் படிப்பு முடித்த கையோடு போத்தனூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தாள். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நிற்கும் மணப்பெண்ணை அப்படியே வெட்டி எடுத்து, ஊட்டி மலர்ச்சரிவிலோ அரண்மனைப் படிக்கட்டிலோ நிறுத்துவது அவள் வேலை. முடியை வெட்டி எடுப்பதில் அவளுக்குப் பெயர் இருந்தது. நெற்றியோரத்தில் பறக்கும் பூனைமுடிகூட அவளிடம் தப்பாது. வெட்டிய ஓரத்தை லேசாகக் கரைத்துவிடுவாள். பாதி தெரியும், பாதி தெரியாது. பின்னால் என்ன படம் வைத்தாலும் ஓரம் அதில் கலந்துவிடும். பல வருடம் செய்ததில் அது கையின் பழக்கமாகவே ஆகிவிட்டது. எதை வெட்டினாலும் விரல் தானாக ஓரத்தைக் கரைக்கும்.

ஸ்டுடியோவை மூடியதும், பீளமேட்டில் கல்லூரிகளுக்கு அருகே உதய் என்பவர் நடத்தும் டி-ஷர்ட் பிரிண்டிங் கடைக்கு வந்தாள். உதய் பாதி நாள் ஆர்டர் பிடிக்க வெளியே சுற்றுவார். கடையில் செவ்வந்தியும், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் சென்னகிருஷ்ணனும்தான். அவளைவிட வயதில் இளையவன். அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே கேலி செய்வான்.

அங்கே நேராகத் துணியில் அடிப்பதில்லை. ஒரு கண்ணாடி போன்ற ஃபிலிமில் படத்தை இடம் வலம் மாற்றி அடிக்க வேண்டும். முதலில் வண்ண மை, அதன் மேல் வெள்ளை மை. மை ஈரமாக இருக்கும்போதே பசைப் பவுடரைத் தூவி, உதறி, சூடு காட்டி உருக்கினால், மை இருக்கிற இடத்தில் மட்டும் பசை நிற்கும். பிறகு துணி மேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி, ஆறிய பின் ஃபிலிமை உரித்தால் படம் துணியில் தங்கிவிடும். வெள்ளை இப்போது அடியில் போய்விடும். கறுப்புத் துணியில் வண்ணம் எடுப்பாகத் தெரிவது அந்த வெள்ளையால்தான்.

வந்த புதிதில் அவளுக்கு முதல் அடி விழுந்ததும் அந்த வெள்ளையால்தான். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் தங்கள் குழுப் படத்தைக் கறுப்பு டி-ஷர்ட்டில் கேட்டார்கள். செவ்வந்தி வழக்கம்போல வெட்டி, வழக்கம்போல ஓரத்தைக் கரைத்துக் கொடுத்தாள். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. துணியில் வந்தபோது ஒவ்வொரு தலையைச் சுற்றியும் ஒரு வெள்ளை வரி. அதற்கு வெளியே மாவு சிந்தியது போல ஒரு மங்கல். வாங்க வந்த பையன் ஒருவன், "ஏனுங்க்கா, எங்களையெல்லாம் சாமியாக்கிப்போட்டீங்களா?" என்று கேட்டான். கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கும்பிட்டுச் சிரித்தார்கள். உதய் அத்தனையையும் மறுபடி அடித்துக் கொடுத்தார். செவ்வந்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஏன் அப்படி ஆயிற்று என்று அவளே உட்கார்ந்து புரிந்துகொண்டாள். காகிதத்துக்கும் திரைக்கும் பாதி என்பது உண்டு. பாதி தெரியும் புள்ளி, பின்னால் இருக்கும் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். துணியில் அப்படிக் கலப்பதற்கு ஒன்றுமில்லை. மை விழும், அல்லது விழாது. கண்ணுக்கே தெரியாத அளவு மங்கலான புள்ளியாக இருந்தாலும், அங்கே ஏதோ இருக்கிறது என்று இயந்திரம் வெள்ளையை வைத்துவிடும். மேலே வரும் வண்ணமோ மிக மெல்லியது. ஆகவே வெள்ளைதான் தெரியும். வெள்ளை விழுந்த இடத்தில் பவுடரும் ஒட்டும். திரையில் வெட்டிய படத்துக்குப் பின்னால் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக இருப்பதால் அந்த வெளிறிய ஓரம் அவள் கண்ணில் படவே இல்லை. அன்றிலிருந்து படத்துக்கு அடியில் பளீரென்ற கிளிப்பச்சையை வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். ஒரு புள்ளி இருந்தால் முழுதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கவே கூடாது. அதையும் சரிசெய்துவிட்டு, அடியில் போகும் வெள்ளையை வண்ணத்தின் ஓரத்திலிருந்து இரண்டு புள்ளி உள்ளே தள்ளச் சொல்வாள். அப்போதுதான் வெள்ளை வெளியே எட்டிப் பார்க்காது.

லோகோ, எழுத்து, கார்ட்டூன் எல்லாவற்றுக்கும் இது போதுமானதாக இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் சுப்பையன் வந்து நிற்கும்வரை.

தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஒல்லியான, ஐம்பதைத் தாண்டிய மனிதர். தேங்காய்க் களத்தில் வேலை. மஞ்சப்பையிலிருந்து மடித்த கறுப்பு டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, மேசையைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டு அதன் மேல் வைத்தார். துவைத்துத் துவைத்துச் சாயம் போய், கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருந்தது. கழுத்தோரம் தளர்ந்திருந்தது. பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

அவர் மகள் எழில். பீளமேட்டில்தான் படித்தாள். கல்லூரி வாலிபால் அணியில் இருந்தாள். போன வருடம் ரோட்டைத் தாண்டும்போது வண்டி மோதிப் போய்விட்டாள். நாளை அவள் பேரில் ஊரில் ஒரு மேட்ச் வைத்திருக்கிறார்கள். அவளோடு விளையாடிய பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். முதல் பந்தை அவர் போட வேண்டுமாம். மகளின் இந்தச் சட்டையில் மகள் படத்தை அடித்துப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. கடையைச் சொன்னதும் அந்தப் பெண்கள்தான்.

செவ்வந்தி படத்தைப் பார்த்தாள். சாயங்கால மைதானம். பந்துக்கு எம்பியபோது யாரோ எடுத்தது. சுருள்முடி கட்டவிழ்ந்து நாலா பக்கமும் பறக்கிறது. முடியின் ஊடே வானம் தெரிகிறது. ஆல்பம் வேலையாக இருந்தால் இப்படிப்பட்ட முடியை ஆசையோடு வெட்டியிருப்பாள். இப்போது படத்தை விட்டுச் சட்டையைப் பார்த்தாள்.

"அண்ணா, புதுச் சட்டை ஒண்ணுல அடிச்சுத் தரட்டுங்களா? கெட்டுப்போனா மாத்திக்கலாமுங்க" என்றாள்.

"புதுசு கடையில கெடைக்கும் அம்மணி" என்றார் சுப்பையன். "இது அவ போட்டதுங்க. மத்த துணியெல்லாம் அவங்கம்மா ஆத்துல உட்டுப்போட்டா. இது ஆஸ்டல்ல காஞ்சுட்டிருந்ததால தப்பிச்சுதுங்க."

முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் செவ்வந்தி வாயைத் திறந்தாள். என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. அதற்குள் சென்னகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லி, டீ வாங்கிவரக் கிளம்பிவிட்டான்.

அவள் வெட்டத் தொடங்கினாள். மேசையின் ஓரத்தில் அந்தச் சட்டை இருந்தது. கை பட்டு ஏதாவது கொட்டிவிடுமோ என்று பயந்து, டீ வந்ததும் தம்ளரைத் தரையில் வைத்துக் குடித்தாள். சட்டையை ஒரு முறைதான் அழுத்த முடியும். ஒட்டிய படத்தைத் துணிக்குச் சேதமில்லாமல் எடுக்க வழியில்லை. தவறினால் அந்த மனிதருக்கு மகளின் சட்டையும் இல்லை, படமும் இல்லை. ஒவ்வொரு சொடுக்கிலும் இந்த நினைப்புதான் ஓடியது.

நேரடியாகச் சட்டையில் கைவைக்கிற தைரியம் யாருக்கும் இல்லை. இயந்திரம் துடைக்க வைத்திருக்கும், கழித்துப்போட்ட புது டி-ஷர்ட்டுகளின் கறுப்புத் துண்டுகளில் முதலில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஓரத்தை முழுக்க முழுக்கக் கூராக வெட்டி முதல் படத்தை அடித்தார்கள். வெள்ளை எங்கும் இல்லை. பறந்த முடியும் இல்லை. சிறு இழைகளெல்லாம் போய், கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி தலை உருண்டையாக நின்றது. சென்னகிருஷ்ணன் பார்த்துவிட்டு, "ஹெல்மெட் போட்டு வெளையாடுதுங்க்கா" என்றான். சொன்ன பிறகுதான் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு பவுடர் தட்டைத் துடைக்கப் போனான்.

அடுத்ததில் முடியின் இழைகளைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் முழுப் புள்ளிதான், பாதி இல்லை. ஆனால் மிகவும் பொடியாகிவிட்டது. அந்த அளவு புள்ளியில் பவுடர் சரியாக நிற்காது. ஃபிலிமை உரித்தபோது பாதிப் புள்ளிகள் துணிக்கு வராமல் ஃபிலிமோடு போய்விட்டன. வந்தவையும் நகத்தால் கீறினால் உதிர்ந்தன.

மூன்றாவதில் இழைகளைக் காப்பாற்றும் அவசரத்தில், சில இடங்களில் ஓரத்தைப் பழையபடி லேசாகக் கரைத்து விட்டுவைத்தாள். கொஞ்சம்தானே, வெள்ளையை உள்ளே தள்ளினால் மறைந்துவிடும் என்று நினைத்தாள். மறையவில்லை. அந்த மெல்லிய இழைகளில் உள்ளே தள்ளுவதற்கு இடமே இல்லை. முடியின் ஊடே தெரிந்த வானத்தின் வெளிறிய நிறமும் ஓரப் புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தலையைச் சுற்றிப் பஞ்சு வைத்தது போல வெள்ளை.

அந்தத் துணியை மறைப்பதற்குள் சுப்பையன் எழுந்து வந்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து போனது.

"தலையச் சுத்தி வெள்ளை வேண்டாமுங்க அம்மணி" என்றார். "ஆஸ்பத்திரியில கடைசியா அப்படித்தானுங்க பாத்தேன். தலை முழுக்க கட்டு. மொகம் மட்டுந்தான் தெரிஞ்சுது. அவ முடிய நான் பாக்கவே இல்லீங்க."

அவர் மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார். கேட்கும்போது அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அதுதான் செவ்வந்தியை அதிகம் பயமுறுத்தியது. இவ்வளவு நேரமும் சட்டை கெட்டுவிடுமோ என்று பயந்தாள். இப்போது சட்டை கெடாமலேயே கெடலாம் என்று தெரிந்தது. படம் நன்றாக ஒட்டி, வண்ணம் நன்றாக வந்து, காதோரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் தங்கிவிட்டால், அந்த மனிதர் நாளை எல்லோர் முன்னாலும் மகளுடைய கட்டுப் போட்ட தலையை நெஞ்சில் சுமந்துகொண்டு நிற்பார். அவரிடம் அதைச் சரிசெய்துகொள்ள இன்னொரு சட்டை இருக்காது.

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஆல்வினுக்குப் போன் செய்தாள். அவன் ஏதோ கூட்டத்துக்கு நடுவில் இருந்து, என்னவென்று கேட்டான். ஒன்றுமில்லை, பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தாயிற்றா என்று கேட்டாள். இன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை என்றான் அவன். ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

திரும்பி வந்தபோது வெட்டிய படத்தின் ஃபிலிம் ஒன்று, இன்னும் துணியில் ஒட்டாதது, மேசையில் கிடந்தது. அளவு பார்க்கலாம் என்று அதை எடுத்து எழிலின் சட்டை மேல் வைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். அவள் அடித்திருந்த முடியின் கறுப்பு, சட்டையின் கறுப்பைவிட அதிகக் கறுப்பு. இதுவரை சோதித்த துணிகள் புதுக்கறுப்பு என்பதால் தெரியவில்லை. இந்த வெளுத்த சட்டையில் ஒட்டினால், வெள்ளை வராவிட்டாலும் முடி மட்டும் தனியாக, பளபளவென்று ஒரு தார்ப்பட்டை போலத் தெரியும்.

பயத்தில் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். இது இன்னொரு கெடுதல் என்றுதான் தோன்றியது. சட்டையின் நிறத்துக்கு ஏற்ப மையை வெளுக்க வைக்கலாமா என்று யோசித்தாள். எவ்வளவு செய்தாலும் துணியும் மையும் ஒன்றாகாது. ஒன்றாக வேண்டுமென்றால் அது துணியாகவே இருக்க வேண்டும்.

துணியாகவே இருந்தால் என்ன?

முடிக்கு எதற்கு மை? வெளிச்சம் படாத முடி எப்படியும் கறுப்புத்தான். அந்த இடத்தில் ஒன்றும் அடிக்காமல் விட்டால் சட்டையே முடியாகிவிடும். வண்ணம் இல்லாத இடத்தில் வெள்ளையும் இல்லை, பவுடரும் இல்லை. முகம், கழுத்து, தூக்கிய கை, இவற்றை அடித்தால் போதும். முடியில் சாயங்கால வெயில் பட்டு மின்னும் சில வளைவுகள் மட்டும் வேண்டும். அவற்றைப் பொடிப் புள்ளிகளாக இல்லாமல், பசை பிடித்து நிற்கிற அளவுக்குக் கொஞ்சம் பெரிய, முழுப் புள்ளிகளாக வைக்கலாம். முடியின் வெளி எல்லை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர்களின் கண்ணே அதை வரைந்துகொள்ளும்.

சட்டையைப் போனில் படமெடுத்து, அந்த நிறத்தைத் திரையில் அடியில் வைத்தாள். கறுப்பை ஒவ்வொரு இடமாக அழித்துக்கொண்டே வந்தாள். அழிக்க அழிக்க முடி அடர்ந்தது போல இருந்தது. அப்புறம் அடியில் கிளிப்பச்சையை வைத்து, பெரிதாக்கி, ஒவ்வொரு ஓரமாகத் தேடினாள். பாதி தெரியும் புள்ளிகள் காதின் அருகிலும் நெற்றி ஓரத்திலும் இன்னும் ஒளிந்திருந்தன. எல்லாவற்றையும் ஒன்று முழுதாக்கினாள், இல்லையென்றால் அழித்தாள். வெள்ளையை மட்டும் தனியாகத் திரையில் காட்டச் செய்து பார்த்தாள். முகத்தின் எல்லைக்கு உள்ளேயே அது நின்றது. நின்றிருக்கிறது என்று நம்ப முடியாமல் மறுபடி பார்த்தாள்.

ஃபிலிம் வந்தது. சென்னகிருஷ்ணன் பவுடரை உதறி, உருக்கி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். நாலைந்து வெயில் கீற்றுகளைத் தவிர மொட்டைத் தலையாக இருந்தது. "ஏனுங்க்கா, நெசமாத்தான் சொல்றீங்களா?" என்றான். அவள் துடைக்கிற துணிகளைக் கிளறினாள். ஒரு பழைய, வெளுத்த கறுப்புத் துணியைத் தேடி எடுத்து அதில் ஒரு தடவை சோதித்துப் பார்த்திருக்கலாம். கடையில் அப்படி ஒன்றும் இல்லை. மறுநாள் என்றால் மேட்ச் போய்விடும்.

சட்டையைப் பிரஸ்ஸில் விரித்தார்கள். முதலில் சென்னகிருஷ்ணன் வெறுமனே ஒரு அழுத்து அழுத்தி ஈரத்தையும் சுருக்கத்தையும் எடுத்தான். சூட்டில் சட்டையிலிருந்து சோப்பு வாசனை லேசாக வந்தது. சுப்பையன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். ஃபிலிமைக் கழுத்திலிருந்து அளந்து, செவ்வந்திதான் வைத்தாள். மேல்தட்டு இறங்கியபோது அவள் தன் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டு எழுந்தது. ஆறும்வரை உரிக்கக் கூடாது. சூட்டோடு உரித்தால் மை கையோடு வந்துவிடும். ஆறிவிட்டதா என்று ஃபிலிமைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"மூச்சு உடுங்க்கா" என்று சென்னகிருஷ்ணன் மெதுவாகச் சொல்லிவிட்டு, ஃபிலிமின் மூலையைப் பிடித்து, துணியை ஒட்டிப் படுக்கையாக இழுத்தான். கை வந்தது. கழுத்து வந்தது. காதோரத்தில் ஓரிரு புள்ளிகள் ஃபிலிமோடு போயின. செவ்வந்தி அதைப் பார்த்தாள். அதற்கப்புறம் நெற்றி வந்தது. நெற்றிக்கு மேல், வெயில் கீற்றுகளுக்கு நடுவே ஒன்றுமே அடிக்காத சட்டையில், சுருள்முடி பறந்துகொண்டிருந்தது.

வெள்ளை இல்லை. குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் பார்த்தாள். எங்கும் இல்லை.

சுப்பையன் ஆள்காட்டி விரலால் மகளின் நெற்றியைத் தொட்டார். அங்கே மையின் வழவழப்பு இருந்தது. விரல் மேலே ஏறியது. முடி இருக்கும் இடத்தில் நின்று, அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தடவியது.

"இங்க ஒண்ணுமே தட்டுப்படலீங்களே" என்றார்.

"அங்க ஒண்ணும் அடிக்கலீங்கண்ணா. அது அவங்க சட்டைதானுங்க."

அவர் கையை எடுக்க நேரமாயிற்று. செவ்வந்தி அவசர அவசரமாக மற்றதைச் சொன்னாள். இன்றைக்கு நனைக்க வேண்டாம், பின்னால் துவைத்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள், அடித்துத் துவைக்க வேண்டாம், படத்தின் மேல் இஸ்திரி வேண்டாம். காதோரத்தில் இருக்கும் புள்ளிகள் நாளடைவில் ஒன்றிரண்டு உதிரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். முடி உதிராது, சட்டை இருக்கிறவரை இருக்கும் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதை மாட்டிப் பார்த்தார். தோளில் சரியாக இருந்தது. கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். மேசைக்கு அடியில், துடைக்கிற துணிகளோடு சென்னகிருஷ்ணன் போட்டிருந்த சோதனைத் துணிகளைப் பார்த்தார்.

"அதையெல்லாம் என்னங்க பண்ணுவீங்க?"

இயந்திரம் துடைக்க எடுக்கும் அந்தக் குவியலைச் செவ்வந்தி பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அதுவும் அவ மொகந்தானுங்களே" என்றார்.

அவள் குனிந்து மூன்று துணிகளையும் எடுத்தாள். பவுடரை உதறினாள். ஹெல்மெட் போட்டது போன்ற தலையை மடித்தாள். புள்ளிகள் உதிர்ந்ததை மடித்தாள். தலையைச் சுற்றி வெள்ளை படிந்ததைக் கடைசியில் எடுத்தபோது, அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கை நின்றது. அவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். முகம் உள்பக்கம் போகும்படி மடித்து, தனியாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள்.

"வாரேனுங்க அம்மணி" என்று சொல்லி அவர் வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டையும் சட்டையோடு பையில் வைத்தார், அந்தக் கவரை வைக்கவில்லை. அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டக் காத்து நின்றார். இரண்டு பக்கமும் வண்டிகள் ஓய்கிறவரை நின்றார். அவர் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை செவ்வந்தி வாசலை விட்டு அசையவில்லை.